அம்மம்மாவின் அம்மியைக் கொத்திய கதை

போன ஞாயிற்றுக்கிழமை அரைத்த சம்பலில் கல் கடிபடவில்லை. அம்மா முதல் வாய் பிட்டை மென்றுவிட்டு ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது முறை சம்பலை எடுத்தார். வைகாசியில் தொடங்கிய வேலை ஆவணியில் முடிந்திருக்கிறது. இடையில் ஒரு பெரிய பிழையும் இரண்டு சின்னப் பிழைகளும் செய்தேன். அவற்றையும் சேர்த்து எழுதிவைக்கிறேன். வீட்டில் பழைய அம்மி கிடக்கிற யாருக்காவது பயன்படும். அதோடு, அம்மம்மாவைப் பற்றி நான் எழுத வேண்டியதும் இதற்குள்தான் இருக்கிறது.

அம்மம்மா மாசி மாதம் காலமானார். வயது 86. முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்கிற நினைவு மலர் அச்சடித்தபோது என்னிடம் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். விருந்தோம்பல், பக்தி, பொறுமை என்று எழுதிக் கொடுத்தேன். எந்த வீட்டு அம்மம்மாவுக்கும் பொருந்துகிற பக்கம் அது. கீரிமலையில் அந்தியேட்டி முடிந்து வந்து, கிணற்றடியில் கால் கழுவும்போதுதான் அம்மி கண்ணில் பட்டது. பாசி பிடித்து, மேலே வேப்பஞ்சருகு விழுந்து கிடந்தது. ஆறு வருடமாக யாரும் அதில் அரைக்கவில்லை. குழவி விறகு கொட்டிலுக்குள் கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தது.

முதல் வேலை, அதைப் பின்விறாந்தைக்குக் கொண்டுவந்தது. நீளம் 20 அங்குலம், அகலம் 10, கனம் 5. மாமாவும் நானும் சாக்கை அடியில் செருகி இழுத்தோம். நாற்பது கிலோவுக்குக் குறையாது. குழவி மட்டும் ஆறு கிலோ. பொச்சுமட்டையும் அடுப்புச் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். சவர்க்காரம் போடவில்லை. அம்மியில் சவர்க்காரம் பட்டால் மூன்று நாளைக்குச் சம்பலில் மணக்கும் என்று அம்மம்மா யாரையும் விடமாட்டார். பாசி போனதும் உள்ளே இருந்த கல் தெரிந்தது. சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் உள்ள கருங்கல். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் அம்மி செய்ய முடியாது. அரைக்க அரைக்க மாவாக உதிரும். ஆகவே இந்தக் கல் எங்கிருந்தோ வந்ததுதான். அம்மம்மாவோடு சீதனமாக வந்தது, கலியாணத்தன்று அவர் கால் வைத்து மிதித்ததும் இதே அம்மியைத்தான் என்று அம்மா சொன்னார்.

அன்றைக்கே அரைத்துப் பார்த்தேன். மூன்று செத்தல் மிளகாயும் கொஞ்சம் உப்புக்கல்லும் வைத்துத் தண்ணீர் தெளித்துக் குழவியை இழுத்தேன். குழவி வழுக்கிக்கொண்டு போய் வந்தது. மிளகாய்த் தோல் நசிந்து கல்லோடு ஒட்டியது. விதை ஒன்றுகூட உடையவில்லை. குழவிக்கு அடியில் உருண்டு மறுபக்கத்தால் முழுசாக வெளியே வந்தது. இருபது நிமிடம் இழுத்தேன். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். மூன்று மிளகாய் அரைபடவில்லை.

கல் தேய்ந்துவிட்டது என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. கல்லை நனைத்து, காலை வெயில் சரிவாக விழுகிற இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கொத்துள்ள அம்மி நனைந்தாலும் மங்கலாகவே இருக்கும். தேய்ந்த அம்மி கண்ணாடிபோல் மினுங்கும். பெருவிரலால் தடவினால் கொத்துள்ள கல் தோலைப் பிடிக்கும், தேய்ந்த கல் விட்டுவிடும். எங்கள் அம்மி நடுவில் முழுக்க மினுங்கியது. ஓரங்களில் மட்டும் பழைய கொத்துப் புள்ளிகள் மங்கலாகத் தெரிந்தன.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தக் கல் தேய்ந்தது ஆறு வருடம் கிடப்பில் இருந்ததால் அல்ல. அரைக்காத கல் தேயாது. ஆறு வருடத்துக்கு முன்னர், அம்மம்மா கடைசியாக அரைத்த நாளிலேயே இது இப்படித்தான் இருந்திருக்கிறது. அதற்கும் முன்னர் பல வருடம் இப்படித்தான் இருந்திருக்கிறது. “அம்மி வழுக்குகிறது, கொத்துகிற ஆளைக் கண்டால் கூட்டிக்கொண்டு வாருங்கள்” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. நானும் கேட்டிருக்கிறேன். முன்பெல்லாம் தெருவில் கூவிக்கொண்டு வருகிற ஆட்கள் வருவதை நிறுத்தியிருந்தார்கள். நாங்கள் தேடிப் போகவில்லை. அவருக்கு மணிக்கட்டு வலி வந்தபோது மிக்சி வாங்கிக் கொடுத்தோம். பல்லில்லாத கல்லில் அத்தனை வருடம் அரைத்துத்தான் எங்களுக்குச் சம்பல் தந்திருக்கிறார். அதைத்தான் நாங்கள் இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கித் தின்றோம்.

அவர் அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு. “அம்மி மிடுக்கோ, அரைப்பவள் மிடுக்கோ?” யாராவது சம்பல் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார். பதில் சொல்லமாட்டார். இருபது நிமிடம் இழுத்தும் மூன்று மிளகாய் அரைபடாத அன்றைக்கு எனக்குப் பதில் தெரிந்தது. எப்படியும் இந்தக் கல்லைத் திருத்துவது என்று முடிவெடுத்தேன்.

இனி நான் செய்த பெரிய பிழை. அம்மியின் குறுக்கே இரும்பு அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். நடுவில் இல்லாமல், அரைக்கிறவருக்கு வலப்பக்கமாக ஒரு பள்ளம் இருந்தது. ஆழமான இடத்தில் 7 மில்லிமீற்றர். ஒரு பக்கம் தாழ்ந்த அம்மியில் எப்படி அரைபடும், முதலில் சமப்படுத்த வேண்டும் என்று நானே தீர்மானித்தேன். மச்சானிடம் கல் வெட்டும் சில்லுப் பூட்டிய கைக் கிரைண்டர் இருந்தது. புதுச் சில்லு 1,500 ரூபாய். இடப்பக்க விளிம்பைச் சீவித் தாழ்த்தி, மேற்பரப்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டால் பிடிமானம் வரும் என்பது கணக்கு. மச்சான் தண்ணீர் ஊற்ற, நான் வெட்டினேன். ஊற்றியும் போதவில்லை. சோளகக் காற்று தூசியை விறாந்தை முழுக்க அடித்தது. கருங்கல் தூசி நெஞ்சுக்குள் போனால் ஆபத்து. மூக்கைத் துணியால் கட்டியிருந்தும் இரண்டு நாள் இருமினேன். நல்லவேளையாக, அந்தத் தூசிக்காகவே பாதியில் நிறுத்தினோம். அதற்குள் இடப்பக்க விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு மில்லிமீற்றர் போய்விட்டது. மேலே இருபது கோடுகளும் விழுந்துவிட்டன.

கோடு போட்ட அம்மி அரைக்கவில்லை. காரணம், கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் உள்ள கல் முன்போலவே மினுங்கிக்கொண்டிருந்தது. விதை அதன்மேல் முன்போலவே வழுக்கியது. கோட்டுக்குள் மிளகாய்த் தோல் போய் இறுகியது. பொச்சால் தேய்த்தும் வரவில்லை, ஈர்க்கால் குத்தித்தான் எடுத்தேன். அடுத்த நாள் காலையில் கல் புளித்து மணத்தது. அரைகல்லுக்கு வேண்டியது புள்ளி. கோடு போட்டால் அது அரைப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், புள்ளி பிடித்துப் பிறகு விட்டுவிடும்.

கொத்துகிற ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று வாரம் எடுத்தது. மானிப்பாய்ப் பக்கம் ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியவர். தொழிலை விட்டுப் பல வருடம் ஆகிறது, உளி மட்டும் வைத்திருந்தார். ஓட்டோ அனுப்பிக் கூட்டிவந்தோம். போகவர 1,600 ரூபாய். அவர் அம்மியைப் பார்த்ததும் உட்காரவில்லை. சுற்றி வந்தார். வெட்டிய விளிம்பில் விரலை வைத்து, “இது யார் செய்த வேலை?” என்று கேட்டார். நான்தான் ஐயா என்றேன். திட்டவில்லை. “அந்த அம்மாவுக்கு வலது கால் மடக்க ஏலாதோ?” என்று கேட்டார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மம்மா ஐம்பது வயதளவில் கிணற்றடியில் விழுந்து வலது முழங்கால் பிசகியவர். அதன்பிறகு சப்பாணி கட்டி உட்காரமாட்டார். பலகையில் இடப்பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து, வலது காலை அம்மிக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டுதான் அரைப்பார். பெரியவர் சொன்னார்: “சரிந்து இருந்தால் பாரம் ஒரு கையில்தான் விழும். முப்பது வருடப் பாரம், பிள்ளை. இந்தப் பள்ளத்தைத் தொடக் கூடாது. குழவியைக் கொண்டு வாருங்கள்.”

குழவியைப் பள்ளத்தில் வைத்து மெல்ல உருட்டினார். ஒரு பக்கமாக உருட்டியபோது இரண்டுக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது. முனையை மாற்றி வைத்தார். குழவியின் வயிறு அப்படியே பள்ளத்துக்குள் இறங்கியது. இரண்டும் ஒன்றையொன்று தேய்த்துத் தங்களுக்குள் பொருந்தியிருந்தன. அம்மியைச் சமப்படுத்தியிருந்தால் இந்தக் குழவி அதில் நடுவில் மட்டும் தொட்டிருக்கும். வேறு குழவி வாங்க வேண்டியிருந்திருக்கும். நான் முதலில் அரைத்தபோது முனை மாறிப் பிடித்திருந்தேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இப்போது ஒரு முனையில் உளியால் சின்ன அடையாளம் இட்டிருக்கிறோம். அது வலக்கைப் பக்கம் வர வேண்டும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, 1995ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னார். ஒக்டோபர் 30ஆம் திகதி போருக்குப் பயந்து வலிகாமம் முழுவதும் இரவோடு இரவாக எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. இணுவிலிலிருந்து எங்கள் வீட்டாரும் போனார்கள். ஒரு சைக்கிள். அதன் கரியரில் அரிசி, இரண்டு உடுப்புப் பை, ஒரு சட்டி. அம்மம்மா கடைசி நேரத்தில் குழவியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கட்டச் சொன்னாராம். அம்மப்பாவுக்குக் கோபம். உயிர் தப்பப் போகிற நேரத்தில் ஆறு கிலோக் கல்லா? “குழவி எங்கேயும் கிடைக்கும். இந்த அம்மிக்குச் சோடி கிடைக்காது” என்றாராம் அம்மம்மா. அம்மியைக் கிணற்றடியில் கவிழ்த்துப்போட்டு, மேலே பொச்சுமட்டையை அடுக்கிவிட்டுப் புறப்பட்டிருக்கிறார். மழையில், நாவற்குழிப் பாலத்தில் சனம் நெரிபட நின்றபோது யாரோ புலம்பியிருக்கிறார்கள். அதற்கு அவர், “அம்மியும் பறக்கிற காற்றில் எச்சில் இலை என்ன செய்யும்? பிள்ளைகளின் கையைப் பிடியுங்கள்” என்றாராம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவு நிலை இல்லை. கவிழ்த்த அம்மி கவிழ்த்தபடி கிடந்தது. குழவி சைக்கிளில் வந்து இறங்கியது.

குழவியைக் கொண்டுபோன கதையை நான் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். பொருள்மீது உள்ள பற்று என்று நினைத்திருந்தேன். அவர் சொன்னது தொழில் தெரிந்தவர் சொல்கிற சொல் என்பது, பெரியவர் குழவியை மாற்றி வைத்த அன்றுதான் விளங்கியது.

இனிக் கொத்துகிற முறை. உளி ஒரு சாண் நீளம், நுனி ஈட்டிபோல் கூர். பெரியவரிடம் மூன்று இருந்தன. எனக்கென்று ஒன்றைக் கொல்லரிடம் அடிப்பித்தேன், 900 ரூபாய். சுத்தியல் அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். அம்மிக்கு அடியில் நனைந்த சாக்கை மடித்து வைக்க வேண்டும். வெறும் சீமெந்து நிலத்தில் வைத்து அடித்தால் கல் வெடிக்கக் கூடும். கல்லும் ஈரமாக இருக்க வேண்டும், தூசி எழாது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். அவர் போடவில்லை, நான் போட்டேன்.

முதலில் சுத்தியலால் அம்மியை அங்கங்கே தட்டிக் கேட்டார். நல்ல கல் மணிபோல் கணீரென்று ஒலிக்கும். சத்தம் அடங்கி ஒலித்தால் உள்ளே வெடிப்பு, அங்கே கொத்தக் கூடாது. எங்கள் கல் எல்லா இடத்திலும் கணீரென்றது. பிறகு தூரத்து முனையிலிருந்து தொடங்கித் தன்னை நோக்கி வரிசையாகக் கொத்தி வந்தார். உளியை ஏறக்குறைய நேராகப் பிடிக்கிறார். கொஞ்சம் சரித்தால் புள்ளி விழாமல் சிராய் பெயரும். சுத்தியலை ஓங்குவதில்லை. அதன் சொந்தப் பாரத்தில் விழவிடுகிறார். ஒரு புள்ளிக்கு ஒரே அடி. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் ஒரு நெல் படுக்கிற இடம். அடுத்த வரிசைப் புள்ளி முன் வரிசையின் இடைவெளிக்கு நேராக விழ வேண்டும். ஆழம் பாதி உளுந்து. அதற்குமேல் போனால் கோடு செய்த அதே கெடுதியைப் புள்ளியும் செய்யும்.

என் கோடுகள் இருந்த இடத்தில் அவர் கோட்டின் இரு கரையையும் மெல்லக் கொத்திக் கொத்தி மழுங்கச் செய்தார். கோடு முழுக்க மறையவில்லை. பள்ளத்துக்குள் வந்தபோது இன்னும் மெதுவானார். பள்ளத்தின் வடிவத்தை மாற்றாமல், மினுக்கத்தை மட்டும் எடுத்தார். மேல் பாதியைக் கொத்த அவருக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. இடையில் ஒருமுறை உளியை மாற்றினார். உளி மழுங்கினால் ஒலியிலேயே தெரியும், புள்ளியும் வெள்ளையாகப் பரவி விழும். கீழ்ப் பாதியையும் குழவியையும் என்னிடம் விட்டார். கூலி 2,500 கேட்டார், 3,000 கொடுத்தோம்.

எனக்கு அந்தப் பாதியைக் கொத்த நான்கு மாலைகள் எடுத்தன. முதல் நாள் பலமாக அடித்தேன், அரை விரல் நீளத்துக்கு ஒரு சிராய் பெயர்ந்தது. அதோடு கையை அடக்கினேன். “அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்” என்று நாம் எல்லோரும் சொல்வோம். அம்மம்மா அதை முடிக்கவிடமாட்டார். “நகர்த்தி என்ன செய்யப் போகிறாய்? அம்மி நகர்ந்தால் அரைக்க ஏலாது” என்பார். படிப்பில் அவசரப்பட்டுக் கொட்டிக் கவிழ்க்கிற நேரங்களில் எனக்குச் சொன்னது. உளியோடு உட்கார்ந்திருந்தபோது அந்தக் குரல் பக்கத்தில் கேட்டது.

கொத்தி முடிந்ததும் அம்மி அரைக்கத் தயாராகிவிடாது. புள்ளிகளுக்குள் கல் தூளும், விழப் பார்த்துக்கொண்டிருக்கிற சின்னச் சிராய்களும் இருக்கும். அவற்றை எடுக்கத்தான் அரிசி. பச்சை அரிசி ஒரு பிடி ஊறவைத்து, குழம்பாக அரைத்து, கழுவிக் கொட்ட வேண்டும். முதல் தடவை அரைப்புச் சாம்பல் நிறத்தில் வந்தது. இரண்டாவது வெளிர்ச் சாம்பல். நான்காவது தடவை வெள்ளையாக வந்தது. நான் அதோடு போதும் என்று நினைத்து உப்புக்கல் ஒருமுறை அரைத்துக் கழுவிவிட்டுச் சம்பல் அரைத்தேன். அரைத் தேங்காய் வீண். ஒவ்வொரு வாயிலும் கறுக்கென்றது. குப்பையில் கொட்டினேன். இது முதலாவது சின்னப் பிழை.

நிறத்தை நம்பக் கூடாது என்று தெரிந்தபின் வேறு சோதனை வைத்தேன். அரைத்த அரிசியில் ஒரு கரண்டி எடுத்துச் சிரட்டையில் போட்டு, நிறையத் தண்ணீர் விட்டுச் சுழற்ற வேண்டும். மாவு தண்ணீரோடு மேலே மிதக்கும், அதைச் சரித்து ஊற்றிவிடலாம். கல் அடியில் தங்கும். கறுத்த சிரட்டையில் வெள்ளைச் சிராயும், வெள்ளைப் பீங்கானில் கறுத்த சிராயும் தெரியும் என்பதால் இரண்டிலும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஏழெட்டுத் துகள் வந்துகொண்டே இருந்தன. எங்கிருந்து என்று பார்த்தால், குழவியின் இரண்டு முனைகளிலிருந்து. குழவியைக் கொத்தும்போது முனை வரைக்கும் கொத்தியிருந்தேன், அரிசி அரைக்கும்போது நடுவால் மட்டும் அரைத்திருந்தேன். முனைகள் கழுவுப்படவேயில்லை. இது இரண்டாவது. குழவியை இடமும் வலமுமாகத் தள்ளி அரைத்து இன்னும் ஆறு தடவை. பத்தாவது தடவையில் சிரட்டையின் அடி சுத்தமாக வந்தது. மொத்தம் ஒரு கிலோ அரிசிக்குக் கொஞ்சம் குறைய. அரைத்த மாவைக் கோழிக்கும் போடவில்லை, தென்னை அடியில் ஊற்றினேன்.

அரிசி இல்லாமல் வெறும் குழவியை இழுத்துத் தூளை எடுக்கலாம் என்று அயலில் ஒருவர் சொன்னார். அது வேண்டாம். “வெறும் அம்மி இழுத்தால் வீடு வெறுமையாகும்” என்று அம்மம்மா சிறுவர்களை அதட்டுவார். கல்லோடு கல் உரசினால் புதுக் கொத்து ஒரே நாளில் மழுங்கும். அவர் அதை எங்களுக்குப் பயம் வருகிற மாதிரி சொல்லிவைத்தார்.

இனிப் போன ஞாயிறு. அம்மம்மா இருந்த பலகையை எடுத்துப் போட்டேன். செத்தல் மிளகாய் 12, துளி நல்லெண்ணெயில் தோல் உப்பும்வரை வாட்டியது. உப்புக்கல் ஒரு தேக்கரண்டி மட்டம். அரைத் தேங்காய் திருவியது. சின்ன வெங்காயம் எட்டு. பழப்புளி கொட்டைப்பாக்களவு. முதலில் மிளகாயும் உப்பும் மட்டும். தூள் உப்புச் சரிவராது, உப்புக்கல்லின் கூர்தான் மிளகாய்த் தோலைக் கிழிக்கிறது. தண்ணீர் விரல் நுனியால் தெளிப்பதோடு சரி. கூடினால் விதை மிதந்து தப்பும். “மிளகாய் விதை கண்ணுக்குத் தெரிகிறவரை தேங்காய்ப்பூவைத் தொடாதே” என்பது அம்மம்மாவின் கட்டளை. மூன்று மிளகாய் இருபது நிமிடத்திலும் அரைபடாத கல்லில், 12 மிளகாய் ஏழு நிமிடத்தில் பசையாக வந்தது.

ஆனால் அரைப்பு இடப்பக்கமாக வழிந்துகொண்டே இருந்தது. நான் வெட்டித் தாழ்த்திய விளிம்பால். அள்ளி அள்ளி உள்ளே போட்டேன். திரும்பவும் போனது. அம்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நேராக இருந்து அரைக்கிறாய். அவர் எங்கே நேராக இருந்தவர்?” என்றார். வலது காலை அம்மிக்குப் பக்கத்தில் நீட்டினேன். இடப்பக்கம் சரிந்தேன். பாரம் வலக்கைக்கு வந்தது. குழவி பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்தது. அது இறங்கிய சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். காலையில் பாயில் படுத்தபடி கேட்ட சத்தம், பள்ளிக்கூடம் போக எழும்ப வேண்டிய நேரத்தின் சத்தம். அரைப்பு பள்ளத்திலேயே நின்றது. அவருடைய முழங்கால் வலி இந்தக் கல்லில் இருக்கிறது. அதில் உட்கார்ந்தால்தான் இந்தக் கல் அரைக்கிறது.

தேங்காய்ப்பூவை மூன்று பங்காகப் போட்டேன். பசையாக்கக் கூடாது. பூ உடைந்து எண்ணெய் காட்டுகிற நேரத்தில் நிறுத்த வேண்டும். புளி அதோடு. வெங்காயம் கடைசியில், இரண்டு இழுப்புக்கு மேல் இல்லை. கூடினால் கைக்கும்.

செலவு மொத்தம்: சில்லு 1,500, ஓட்டோ 1,600, கூலி 3,000, உளி 900, அரிசியும் வீணான தேங்காயும் சேர்த்து 400 வரை. 7,400 ரூபாய். சில்லுக்குக் கொடுத்த 1,500 வீண் என்பதோடு நிற்கவில்லை. வெட்டிய விளிம்பு திரும்பி வராது. இன்னொருமுறை செய்வதானால் முதல் நாளே குழவியின் சரியான முனையைக் கண்டுபிடிப்பேன். கொத்துகிறவரைப் பார்க்காமல் அம்மியில் கை வைக்கமாட்டேன். தேய்மானத்தைப் பழுது என்று எண்ணுவதற்கு முன்னர், அதில் அரைத்தவர் எப்படி உட்கார்ந்தார் என்று வீட்டில் கேட்பேன். தினமும் அரைத்தால் இரண்டு வருடத்தில் மறுபடி கொத்த வேண்டிவரும் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். அவருக்கு அப்போது கை ஓடுமோ தெரியாது என்பதால், அடுத்த மாதம் ஆட்டுக்கல்லைக் கொத்த வருகிறபோது மேல் பாதி வேலையையும் பழக்கித் தரக் கேட்டிருக்கிறேன்.

சம்பல் அம்மம்மாவின் சம்பல்போல இருந்ததா என்று அன்று பின்னேரம் சித்தி தொலைபேசியில் கேட்டார். உப்பு ஒரு விரல் கூடிவிட்டது என்று அம்மா சொன்னார். பிறகு அம்மியைக் கழுவி, குழவியை அடையாளம் வலப்பக்கம் வரும்படி சுவரோடு நிமிர்த்தி வைத்து, மேலே சுளகால் மூடினார். பலகையை மட்டும் எடுத்து வைக்கவில்லை. அது அம்மிக்கு முன்னால், இடப்பக்கம் சரிந்தபடி, அப்படியே கிடக்கிறது.